சட்டத் தேர்வுக்குப் பிரிவுகளைச் சுருக்குவது: வரி மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டியவையும் சொந்த நடையில் எழுத வேண்டியவையும்

சட்டக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பிரிவுகளைப் படிக்கும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் பிரிவு முழுவதையும், அதன் விளக்கங்கள், எடுத்துக்காட்டுகள், பொது விதிக்கு நிபந்தனையோடு விலக்குத் தரும் வரம்புரை எல்லாவற்றையும் சேர்த்து, நெட்டுருப் போட முயல்கிறார்கள்; பத்தாவது பிரிவுக்கு வருவதற்குள் முதல் பிரிவு மறந்துவிடுகிறது. வேறு சிலர் கடைகளில் கிடைக்கும் கைடுகளின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, கருத்து புரிந்தால் போதும், சொற்கள் எப்படி இருந்தால் என்ன என்று தேர்வு அறைக்குப் போகிறார்கள். அங்கே கேள்வியைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு சொல்லைத் தவறவிட்டு விடையையே தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். ஒரு பிரிவில் எந்தச் சொற்கள் வரி மாறாமல் நினைவில் நிற்க வேண்டும், எவற்றை நம் நடையில் சுருக்கிக்கொள்ளலாம் என்று பிரித்துவிட்டால் இந்த இரண்டு சிக்கல்களும் தீரும். அந்தப் பிரிப்பைச் செய்யும் முறையை, பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டைப் பற்றிய 303-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு கீழே விளக்கியிருக்கிறேன். ஒரு சட்டப் பிரிவில் வரக்கூடிய எல்லா உறுப்புகளும், அதாவது வரையறை, விளக்கங்கள், எடுத்துக்காட்டுகள், தண்டனை, வரம்புரை ஆகிய அனைத்தும், இந்த ஒரே பிரிவில் இருப்பதால் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு அதிகம் இல்லை.

எந்த நூலிலிருந்து சுருக்குவது

சுருக்கம் எழுத உட்காரும்போது மேசையில் இருக்க வேண்டியது உரை எதுவும் சேர்க்காத மூலச்சட்டம், அதாவது மாணவர்கள் பேர் ஆக்ட் என்று சொல்லும் அந்த மெல்லிய புத்தகம். ஒரு கைடு ஏற்கெனவே யாரோ ஒருவர் செய்த சுருக்கம். அதில் எந்தச் சொல் சட்டத்தின் சொல், எந்தச் சொல் அந்த ஆசிரியரின் சொல் என்று பிரித்தறிய வழியில்லை. சுருக்கத்திலிருந்து இன்னொரு சுருக்கம் எழுதினால், நீங்கள் வரி மாறாமல் மனப்பாடம் செய்யும் வரி சட்டத்தில் இல்லாத வரியாகக்கூட இருக்கும்.

புத்தகத்தின் பதிப்பையும் பாருங்கள். இந்தியத் தண்டனைச் சட்டம், 1860-க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, 2023 என்ற சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய வினாத்தாள்களிலும் தீர்ப்புகளிலும் திருட்டின் வரையறை 378-ஆம் பிரிவு என்றும், தண்டனை 379-ஆம் பிரிவு என்றும் வரும். புதிய சட்டத்தில் இரண்டும் ஒரே பிரிவாகி, 303(1) வரையறையாகவும் 303(2) தண்டனையாகவும் உள்ளன. வரையறையின் சொற்கள் ஏறக்குறைய அப்படியே தொடர்வதால் பழைய தீர்ப்புகள் இன்றும் பயன்படுகின்றன. தண்டனைப் பகுதிதான் மாறியிருக்கிறது. ஆகவே சுருக்கத்தின் தலைப்பில் இரண்டு எண்களையும் எழுதிவைப்பது நல்லது.

தேர்வை எந்த மொழியில் எழுதப் போகிறீர்களோ அந்த மொழியின் மூலத்தைக் கொண்டே மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் எழுதுபவர்கள் ஒரே தமிழ்ப் பதிப்பைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் ஒரு பதிப்பில் சம்மதம் என்றும் இன்னொன்றில் இசைவு என்றும் படித்தால் மனத்தில் எந்த வரியும் படியாது. இக்கட்டுரையில் வரும் தமிழ் வாசகம் முறையை விளக்குவதற்காக நான் எழுதிக்கொண்டது. மனப்பாடத்துக்கு உங்கள் பதிப்பின் வாசகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: பிரிவைக் கூறு போடுவது

எதையும் அடிக்கோடிடுவதற்கு முன், பிரிவை ஒரு முறை முழுவதும் வாசித்து அதன் உறுப்புகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 303-ஆம் பிரிவில் முதலில் வரையறை வருகிறது. அதன் கீழ் ஐந்து விளக்கங்கள், அவற்றைத் தொடர்ந்து 16 எடுத்துக்காட்டுகள், பிறகு இரண்டாம் உட்பிரிவில் தண்டனை, அதன் இறுதியில் ஒரு வரம்புரை. பக்கக் கணக்கில் பார்த்தால் எடுத்துக்காட்டுகள்தாம் மிகுதியான இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஆனால் குற்றத்தை உருவாக்குவது வரையறை மட்டுமே, அதுவும் ஆங்கில மூலத்தில் 32 சொற்களே கொண்ட ஒரே வாக்கியம். மலைப்பைத் தரும் பிரிவுகள் பலவற்றிலும் நிலைமை இதுதான். அடிப்படையான வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை அதைச் சுற்றி வருபவை என்பது தெரியும்.

அந்த வாக்கியத்தைத் தமிழில் இப்படி எழுதலாம்:

> எவரேனும், இன்னொருவரின் உடைமையிலுள்ள அசையும் பொருள் எதையும் அவருடைய சம்மதமின்றி நேர்மையற்று எடுத்துக்கொள்ளும் கருத்துடன், அவ்வாறு எடுத்துக்கொள்ளும் பொருட்டு அப்பொருளை நகர்த்துவாராயின், அவர் திருட்டுப் புரிந்தவராவார்.

இரண்டாம் வேலை: மாற்றிப் பார்க்கும் சோதனை

இந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் எடுத்து, அதன் இடத்தில் பேச்சு வழக்கில் இயல்பாக வரும் சொல் ஒன்றை வைத்துப் பாருங்கள். அப்படி மாற்றியதால் ஏதேனும் ஒரு வழக்கின் முடிவு மாறுமானால், அந்தச் சொல் மனப்பாடத்துக்கு உரியது. முடிவு மாறாமல் நடை மட்டும் மாறினால், அதை உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். மாறுகிறதா என்பதை எப்படி அறிவது என்றால், சட்டமே அதற்கான வழக்குகளைக் கீழே எடுத்துக்காட்டுகளாகத் தந்திருக்கிறது. நீங்கள் மாற்றிய வாக்கியத்தை அவற்றோடு பொருத்திப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

முதலில் ‘உடைமை’ என்ற சொல். திருட்டு என்றவுடன் நம் வாயில் வருவது ‘இன்னொருவருக்குச் சொந்தமான பொருள்’ என்பதுதான். அப்படி மாற்றிவிட்டு, கடிகாரத்தைப் பற்றிய எடுத்துக்காட்டுகளுக்குப் போங்கள். ஒருவர் தம் கடிகாரத்தை நகைக்கடைக்காரரிடம் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். அதற்கான கூலியைத் தர வேண்டியிருக்கிறது. அந்தக் கூலிக்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி வைத்திருக்கிறார். இந்த நிலையில் அந்த ஈட்டை அவருக்கு இல்லாமல் செய்யும் எண்ணத்துடன் சொந்தக்காரரே கடிகாரத்தை எடுத்துக்கொண்டால், அது திருட்டு என்கிறது சட்டம். ‘சொந்தமான’ என்று மனப்பாடம் செய்தவருக்கு இந்த முடிவு எட்டவே எட்டாது. அதே சோதனையை மறுபக்கத்திலிருந்தும் செய்யலாம்: நெடுஞ்சாலையில் யாருடைய உடைமையிலும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை எடுப்பவர் திருட்டுப் புரியவில்லை, வேண்டுமானால் அது சொத்தை முறையற்றுத் தன்வயப்படுத்திய குற்றமாகலாம் என்று இன்னொரு எடுத்துக்காட்டு கூறுகிறது. அந்த மோதிரத்துக்குச் சொந்தக்காரர் எங்கோ ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் அது யாருடைய உடைமையிலும் இல்லை. எனவே ‘உடைமை’ என்ற சொல்லை மாற்ற முடியாது.

அடுத்து ‘நகர்த்துவாராயின்’ என்ற சொல். இதன் இடத்தில் ‘எடுத்துச் சென்றால்’ என்று எழுதுவது மிக எளிதாக நடந்துவிடும் பிழை. ஒருவர் இன்னொருவரின் வீட்டு மேசையில் இருக்கும் மோதிரத்தைப் பார்க்கிறார். உடனே எடுத்துச் செல்ல அஞ்சி, தேட வாய்ப்பில்லாத ஓரிடத்தில், அதே வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைக்கிறார். பரபரப்பு அடங்கிய பின் எடுத்து விற்கலாம் என்பது எண்ணம். மோதிரத்தை முதலில் நகர்த்திய அந்தக் கணத்திலேயே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். ‘எடுத்துச் சென்றால்’ என்று படித்தவர் இதைத் திருட்டு முயற்சி என்று எழுதுவார்; மதிப்பெண் போய்விடும்.

‘நேர்மையற்று’ என்ற சொல் மூன்றாவது. இது பொதுவான ஒழுக்கச் சொல் போலத் தோன்றினாலும், இதே சட்டத்தின் 2-ஆம் பிரிவில் இதற்கெனத் தனி வரையறை இருக்கிறது: ஒருவருக்குத் தவறான ஆதாயமோ இன்னொருவருக்குத் தவறான இழப்போ விளைவிக்கும் கருத்துடன் செய்வதே நேர்மையற்றுச் செய்வது. வரையறுக்கப்பட்ட சொல் எதையும் மாற்றக் கூடாது என்பதைத் தனி விதியாகவே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அதை மாற்றிய மறுகணம் அந்த வரையறையோடு உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. இங்கே புதியவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவதும் உண்டு. ‘நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணத்துடன்’ என்ற சொற்கள் பல மாணவர்களின் குறிப்பேடுகளில் எப்படியோ புகுந்துவிடுகின்றன. அது இங்கிலாந்துச் சட்டத்தின் கருத்து. நம் பிரிவில் நிரந்தரம் என்ற சொல்லே இல்லை. பியாரே லால் பார்கவா எதிர் ராஜஸ்தான் அரசு என்ற வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1963 எஸ்.சி. 1094), அலுவலகக் கோப்பு ஒன்றை வெளியே எடுத்துச் சென்று, வேறொருவருக்குக் கிடைக்கச் செய்து, மறுநாளே திரும்ப வைத்துவிட்ட ஊழியரின் செயலை உச்ச நீதிமன்றம் திருட்டு என்றே கொண்டது. தற்காலிக இழப்பும் இழப்புதான். ஆகவே சோதனையின்போது இருக்கும் சொல்லை மாற்றிப் பார்ப்பதோடு, இல்லாத சொல்லை நாம் சேர்த்துவிட்டோமா என்றும் பார்க்க வேண்டும்.

‘அசையும் பொருள்’, ‘சம்மதமின்றி’, ‘கருத்துடன்’ ஆகியவற்றையும் இதே முறையில் சோதித்தால் அவையும் நின்றுவிடும். விழுந்துவிடுபவை எவை? ‘எவரேனும்’ என்பதை ‘ஒருவர்’ என்று எழுதினால் எதுவும் மாறாது. ‘திருட்டுப் புரிந்தவராவார்’ என்பதை ‘அது திருட்டாகும்’ என்று முடித்தாலும் பாதகமில்லை. ஆனால் இந்த வரையறையில் விழும் சொற்கள் மிகக் குறைவு. பெரும்பாலான சொற்கள் நின்றுவிட்டன. ஒரு வாக்கியத்தில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் சோதனையில் நின்றுவிட்டால், மிஞ்சியதை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல் வாக்கியம் முழுவதையும் வரி மாறாமல் மனப்பாடம் செய்வதே எளிது. துண்டு துண்டாக ஆறு சொற்களை நினைவில் வைப்பதைவிட, ஓட்டமாக வரும் ஒரு வாக்கியம் மனத்தில் நன்றாகத் தங்கும்.

மூன்றாம் வேலை: விளக்கங்களையும் எடுத்துக்காட்டுகளையும் சொந்த நடைக்குக் கொண்டுவருவது

இங்கேதான் நேரம் மிச்சமாகிறது. ஐந்து விளக்கங்களையும் சொல்லுக்குச் சொல் படிக்கத் தேவையில்லை; ஒவ்வொன்றும் வரையறையின் எந்தச் சொல்லுக்கு உரியது என்று கண்டுபிடித்து, அந்தச் சொல்லின் கீழ் ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டால் போதும். முதல் இரண்டு விளக்கங்கள் ‘அசையும் பொருள்’ என்பதைப் பற்றியவை: மண்ணோடு சேர்ந்து நிற்கும் வரை ஒரு பொருளைத் திருட முடியாது, அது பிரிக்கப்பட்டவுடன் திருடக்கூடியதாகிறது, பிரிக்கும் செயலும் நகர்த்தும் செயலும் ஒன்றாகவே இருந்தாலும் திருட்டுதான். அடுத்த இரண்டும் ‘நகர்த்துதல்’ என்பதைப் பற்றியவை: தடையை அகற்றுவதும், ஒன்றோடு சேர்ந்திருப்பதைப் பிரிப்பதும் நகர்த்துவதே, விலங்கை நகரச் செய்பவர் அதன் மேல் இருக்கும் பொருளையும் நகர்த்தியவராகிறார். ஐந்தாவது ‘சம்மதம்’ பற்றியது: அது வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ இருக்கலாம்; உடைமையாளரோ அதற்கு அதிகாரம் உள்ள வேறொருவரோ தரலாம்.

இப்படிச் சுருக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த நடையில் எழுதுவது என்பது நிபந்தனைகளைக் குறைப்பது ஆகாது. ஐந்தாம் விளக்கத்தில் இரண்டு இணைகள் இருக்கின்றன: சம்மதம் எவ்வாறு தரப்படலாம் என்பது ஒன்று, யார் தரலாம் என்பது மற்றொன்று. ‘சம்மதம் உட்கிடையாகவும் இருக்கலாம்’ என்று மட்டும் எழுதினால் வாக்கியம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாதிச் சட்டம் காணாமல் போய்விடும். எழுதி முடித்தவுடன் மூலத்தில் உள்ள நிபந்தனைகளை எண்ணுங்கள், உங்கள் வாக்கியத்தில் உள்ளவற்றையும் எண்ணுங்கள்; இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகள் 16-ஐயும் எழுதிவைப்பது வீண் உழைப்பு. இணைகளாக வருபவற்றைத் தேடி எடுங்கள். கடிகாரத்துக்குக் கூலி பாக்கி இல்லாதபோது சொந்தக்காரர் கடைக்காரரின் கையிலிருந்து பலவந்தமாகப் பறித்துக்கொண்டு போனால் அது திருட்டு ஆகாது, ஏனென்றால் அங்கே நேர்மையின்மை இல்லை. கூலி பாக்கி இருந்து, கடைக்காரர் அதற்கு ஈடாக வைத்திருந்தால் திருட்டாகிறது. இந்த இரண்டும் அருகருகே இருந்தால் ஒரு சொல் எங்கே வேலை செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அதேபோல வீட்டு மேசையில் உள்ள மோதிரம், சாலையில் கிடக்கும் மோதிரம் என்ற இணை. இந்த இரண்டு இணைகளும், ஒளித்துவைத்த மோதிரமும் இருந்தால் தேர்வுக்கு அநேகமாகப் போதும். இவற்றில் வரும் பெயர்க் குறியீடுகளையோ வாக்கியங்களையோ மனப்பாடம் செய்ய வேண்டாம். நிகழ்வையும் முடிவையும் முடிவுக்கான காரணத்தையும் சொந்த வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் சரி.

நான்காம் வேலை: எண்களும் இணைப்புச் சொற்களும்

தண்டனைப் பகுதி மனப்பாட வரியும் இல்லை, சொந்த நடைக்குரியதும் இல்லை. அது மூன்றாவது வகை. அதில் வாக்கியத்தின் ஓட்டம் முக்கியமில்லை, ஆனால் ஓர் எண்ணோ ஓர் ‘அல்லது’வோ பிசகக் கூடாது. 303(2)-இன்படி முதல் முறை குற்றவாளி எனத் தீர்க்கப்படுபவருக்கு மூன்று ஆண்டுகள் வரை நீளக்கூடிய, கடுங்காவல், வெறுங்காவல் என்ற இருவகைச் சிறைத்தண்டனையில் ஒன்று, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறையோ அதற்குப் பிறகோ தீர்க்கப்படுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டுகள் வரை நீளக்கூடிய கடுங்காவல், அதோடு அபராதமும். முதல் வாக்கியத்தில் ‘அல்லது’, இரண்டாவதில் ‘அதோடு’. முதலாவதில் மேல் எல்லை மட்டும், இரண்டாவதில் கீழ் எல்லையும் உண்டு. முதலாவதில் இருவகைச் சிறை, இரண்டாவதில் கடுங்காவல் மட்டும். இந்த மூன்று வேறுபாடுகளைத்தான் கொள்குறி வினாக்களில் கேட்பார்கள். ‘திருட்டுக்கு மூன்று ஆண்டுகள் சிறை’ என்று எழுதுபவர் ‘வரை’ என்ற சொல்லை விட்டதால், நீதிபதிக்கு இருக்கும் தேர்வுரிமையையே அழித்துவிடுகிறார்.

வரம்புரை 2023 சட்டத்தில் புதிதாக வந்தது. திருடப்பட்ட சொத்தின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அந்த நபர் முதல் முறையாகத் தீர்க்கப்பட்டவராக இருந்து, அவர் அந்த மதிப்பைத் திருப்பித் தந்தோ சொத்தைத் திரும்ப ஒப்படைத்தோ இருந்தால், அவருக்குச் சமூக சேவை தண்டனையாகும். இதில் மூன்று நிபந்தனைகள் சேர்ந்தே இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை மட்டும் இரண்டு வழிகளில் நிறைவேற்றலாம். பல சுருக்கங்களில் ‘ஐயாயிரத்துக்குக் குறைவாகத் திருடினால் சமூக சேவை’ என்ற ஒற்றை வரியைப் பார்க்கிறேன். இது சுருக்கம் அல்ல, வேறொரு சட்டம்.

தாளில் எப்படி இருக்க வேண்டும்

இவ்வளவையும் செய்த பின் ஒரு பிரிவுக்கு ஒரு பக்கம் போதும். பக்கத்தின் மேல் பாதியில் மனப்பாட வரியைக் கறுப்பு மையில், மேற்கோள் குறிகளுக்குள், வரி மாறாமல் எழுதுங்கள். கீழே நீல மையில் சொந்த நடையில் எழுதியவை, வரையறையின் எந்தச் சொல்லுக்கு உரியவையோ அந்தச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு வர வேண்டும். ஓரத்தில் எண்கள். ஏழெட்டு வண்ணங்களில் கோடு போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு வண்ணங்களுக்கு மேல் போனால் எது எதற்கு என்ற கணக்கே தனிப் பாடமாகிவிடும்.

கீழ்ப்பகுதி இப்படித் தொடங்கலாம்:

> உடைமை – சொந்தம் அல்ல. கூலி பாக்கியுள்ள கடிகாரத்தைச் சொந்தக்காரரே எடுத்தாலும் திருட்டு. சாலையில் கிடக்கும் மோதிரம் யாருடைய உடைமையிலும் இல்லை, திருட்டு அல்ல.
>
> நகர்த்துதல் – எடுத்துச் செல்லத் தேவையில்லை. தடையை அகற்றுவது, பிரிப்பது, விலங்கை ஓட்டுவது எல்லாம் நகர்த்துதல். ஒளித்துவைத்த மோதிரம்: முதல் அசைவிலேயே திருட்டு.
>
> நேர்மையற்று – பிரிவு 2-இன் வரையறை. தற்காலிக இழப்பும் போதும்: பியாரே லால் பார்கவா.

மேற்கோள் குறிகளை இடும் பழக்கத்தைத் தாளிலேயே கொண்டுவந்துவிடுங்கள். குறிக்குள் இருப்பது சட்டத்தின் சொல், குறிக்கு வெளியே இருப்பது என் சொல் என்ற வேறுபாடு கையிலேயே பதிந்துவிட்டால், தேர்வில் தடுமாற்றம் வராது.

சுருக்கம் சரியா என்று பார்ப்பது

மனப்பாட வரியையும் சொந்த நடை வரிகளையும் ஒரே விதமாகச் சோதிக்கக் கூடாது. மனப்பாட வரிக்கு, வெற்றுத்தாளில் பார்க்காமல் எழுதி, மூலச்சட்டத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, விடுபட்ட சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் எழுதும்போதும் அதே சொல் விடுபட்டால், அதன் எடுத்துக்காட்டை மறுபடி வாசியுங்கள். காரணம் தெரியாத சொல்தான் நழுவும். வரியைத் திரும்பத் திரும்ப ஒப்பித்து அதைப் பிடித்து வைக்க முடியாது.

சொந்த நடையில் எழுதியதை ஒரு புதிய நிகழ்வில் பொருத்திச் சோதியுங்கள். ஒன்றைச் செய்து பார்ப்போம். குமார் தம் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கும் கடையில் விடுகிறார். வேலை முடிந்தது, கூலி 1,800 ரூபாய், அதைத் தந்த பிறகே வண்டி கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்லி, சட்டப்படி ஈடாக வைத்துக்கொள்கிறார். குமார் இரவில் வந்து, கூலி தராமல் தப்பிக்கும் எண்ணத்துடன், தம்மிடம் இருந்த மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்து, வண்டியை இரண்டடி தள்ளுகிறார். அங்கேயே காவலாளியிடம் பிடிபடுகிறார்.

‘இன்னொருவருக்குச் சொந்தமான பொருளை எடுத்துச் செல்வது திருட்டு’ என்று சுருக்கி வைத்திருப்பவர் இங்கே இரண்டு இடங்களில் தவறுவார்: வண்டி குமாருடையது, அவர் எடுத்துச் செல்லவும் இல்லை, ஆகவே குற்றமில்லை என்று எழுதுவார். நம் தாளை வைத்திருப்பவர் ஒவ்வொரு சொல்லாக இறங்குவார். வண்டி அசையும் பொருள். அது கடைக்காரரின் உடைமையில் இருந்தது. அவருடைய சம்மதம் இல்லை. கடைக்காரருக்குச் சட்டப்படி உரிய ஈட்டை இல்லாமல் செய்யும் கருத்து இருப்பதால் தவறான இழப்பு, எனவே நேர்மையின்மை. இரண்டடி தள்ளியது நகர்த்துதல். திருட்டு முழுமையாகிவிட்டது. தண்டனைக்கு வரும்போது, கூலி 5,000 ரூபாய்க்குக் குறைவு என்பதைப் பார்த்துச் சமூக சேவை என்று எழுதத் தோன்றும். ஆனால் வரம்புரை பேசுவது திருடப்பட்ட சொத்தின் மதிப்பைப் பற்றி, இங்கே சொத்து என்பது வண்டி. அதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்று வினாவில் சொல்லப்படாத வரை வரம்புரையைப் பொருத்த இயலாது என்று ஒரு வாக்கியம் எழுதினால் விடை முழுமையாகும். இந்த நிகழ்வுக்கு உங்கள் தாளிலிருந்தே விடை கிடைத்துவிட்டால் சுருக்கம் தேறிவிட்டது. ஏதாவது ஒரு படியில் மூலச்சட்டத்தைத் திறக்க வேண்டியிருந்தால், திறந்த இடத்தில்தான் ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது.

வேறு பிரிவுகளில் இந்த அளவு மாறும்

எல்லாப் பிரிவுகளுக்கும் இதே விகிதம் பொருந்தாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 2(எச்) கூறு, சட்டத்தால் செயற்படுத்தக்கூடிய உடன்பாடு ஒப்பந்தமாகும் என்ற ஒரே வரிதான். அதைச் சுருக்க எதுவும் இல்லை, அப்படியே மனப்பாடம் செய்துவிடலாம். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆம் பிரிவு இதற்கு நேர் எதிர். விற்பவர், வாங்குபவர் ஆகியோரின் உரிமைகளும் கடமைகளும் நீண்ட பட்டியலாக வருகின்றன. அதில் பெரும்பகுதியைச் சொந்த நடையில் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் விற்பவர் சொத்தின் குறைபாட்டை வெளிப்படுத்த வேண்டும் என்ற கடமையில் மட்டும் நில்லுங்கள்: குறைபாடு முக்கியமானதாக இருக்க வேண்டும், அது விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். சொந்த நடைக்குரிய கடலில் இது ஒரு மனப்பாடத் தீவு.

பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலை பற்றிய பிரிவுகளில் மனப்பாடத்தின் அளவு கூடும். மரணம் விளைவிக்க ‘வாய்ப்புள்ள’ உடற்காயம் என்று 100-ஆம் பிரிவும், ‘இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான’ உடற்காயம் என்று 101-ஆம் பிரிவும் கூறுகின்றன. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கும் கொலைக்கும் உள்ள இடைவெளி இந்த இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. இரண்டையும் ‘உயிர் போகும் அளவுக்குக் காயம்’ என்று ஒரே நடையில் எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு விடையே எழுத முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகள் ஒன்றையொன்று ஒத்திருந்தால், அவை வேறுபடும் சொற்றொடர்களை எப்போதும் மனப்பாடப் பக்கத்தில் சேருங்கள்.

தேர்வுத்தாளில்

விடையில் முதலில் பிரிவின் எண், அடுத்து மேற்கோள் குறிக்குள் மனப்பாட வரி, பிறகு சொந்த நடையில் ஒவ்வொரு கூறும், அதன் பின் நிகழ்வோடு பொருத்துதல் என்று வரலாம். வரியில் ஒரு சொல்லாவது ஐயமாக இருந்தால் மேற்கோள் குறியை விட்டுவிட்டு, ‘இப்பிரிவின்படி’ என்று தொடங்கிக் கருத்தை எழுதுங்கள். தவறான சொல்லை மேற்கோளாகக் காட்டுவதைவிட அது பாதுகாப்பானது. முழு வரியும் மறந்துபோனால், சோதனையில் நின்ற ஆறு சொற்களை மட்டும் நினைவுபடுத்தி, அவற்றைச் சுற்றி ஒரு வாக்கியத்தை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்: கருத்து, நேர்மையின்மை, அசையும் பொருள், உடைமை, சம்மதமின்மை, நகர்த்துதல். இந்த ஆறும் விடையில் எங்காவது இருந்தால் தாளைத் திருத்துபவர் தேடுவது அவருக்குக் கிடைத்துவிடும்.